ஓரிலை, மூவகைப் பண்டம்

சந்தைப்படுத்தல் பாடத்திலே அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்றுண்டு. “நுகர்வுப் பண்டங்களின் வகைகளை உதாரணங்களுடன் விளக்குக; பொதியிடலும் சுட்டுத்துண்டிடலும் ஆற்றும் பணிகளைக் கூறுக” என்பதே அது. சுட்டுத்துண்டு என்பது கடைகளில் லேபல் என வழங்குவதாகும். இவ்வினாவுக்கு மாணவர் எழுதும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். தேயிலை, சவர்க்காரம், தீப்பெட்டி என்பன வசதிப் பண்டங்கள். சேலை, தளபாடம், குளிர்சாதனப் பெட்டி என்பன தேர்வுப் பண்டங்கள். விலையுயர்ந்த கைக்கடிகாரமும் மோட்டார் வண்டியும் சிறப்புப் பண்டங்கள். இவ்வளவில் முதற்பகுதி முடிந்துவிடும். பின்னர், பொதி பண்டத்தைப் பாதுகாக்கும், அழகூட்டும், அறிவுறுத்தும் என்று ஐந்தாறு வரிகள் தொடரும்.

இவ்விடையிலே பொய் ஒன்றுமில்லை. ஆயினும், இதற்கு முழுப் புள்ளி கிடைப்பது அரிது. விடையின் இரு பகுதிகளும் ஒன்றையொன்று அறியாத அயலவர் போல் நிற்பதே அதற்குக் காரணம். பண்டத்தின் வகைக்கும் அது தாங்கிவரும் பொதிக்கும் இடையேயுள்ள தொடர்பை மாணவர் காட்டுவதில்லை. அத்தொடர்பை நாம் நாள்தோறும் பருகும் தேயிலை ஒன்றையே கொண்டு இவ்வாரம் ஆராய்வோம். வினாத்தாளுக்கு மட்டுமன்றி, வீட்டுச் செலவுக்கும் இவ்வாராய்ச்சி உதவக்கூடும்.

இவ்வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் காண்போம். அமெரிக்க நாட்டின் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய மெல்வின் கோப்லண்ட் என்பார் 1923ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றிலே நுகர்வுப் பண்டங்களை இம்மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். அவர் நோக்கியது பண்டத்தையன்று, அதனை வாங்குவோரின் பழக்கத்தையே என்பதை மாணவர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். எளிதிற் சென்றடையக்கூடிய கடையிலே, அதிகம் ஆராயாது வழக்கமாக வாங்கப்படுவது வசதிப் பண்டம். விலை, தரம், பாங்கு ஆகியவற்றைப் பல இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கப்படுவது தேர்வுப் பண்டம். விலைக்கு அப்பாற்பட்ட ஏதோவொரு கவர்ச்சியினால், ஒப்பிடும் எண்ணமே இன்றி, அதனையே நாடிச் சிறப்பாக முயன்று வாங்கப்படுவது சிறப்புப் பண்டம்.

எனவே, ஒரு பண்டம் எவ்வகையைச் சார்ந்தது என்று ஐயம் எழுமாயின், அதன் விலையை நோக்குவதாற் பயனில்லை. வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். “வாங்க வந்தவர் தேடியது இக்கடையில் இல்லையெனின், அவர் என்ன செய்வார்?” என்பதே அக்கேள்வி. இருப்பதில் ஒன்றைத் தாரும் என்பாராயின் அது அவருக்கு வசதிப் பண்டம். இக்கடையில் உள்ளவற்றையும் பார்த்து, இன்னும் இரண்டு கடைகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்பாராயின் அது தேர்வுப் பண்டம். வேறெதுவும் வேண்டாம், அது கிடைக்கும் இடத்தைச் சொல்லும் என்பாராயின் அது சிறப்புப் பண்டம்.

இவ்வளவுகோலைத் தேயிலையின்மேல் வைத்துப் பார்ப்போம். மாலை ஆறு மணிக்கு வீட்டில் விருந்தினர் வந்துவிட்டனர். தேயிலைப் பேணி வெறுமையாக இருக்கின்றது. சிறுவன் ஒருவன் தெருமுனைக் கடைக்கு ஓடி 50 கிராம் பக்கற்று ஒன்றை வாங்கி வருகின்றான். வழக்கமான பெயர் இல்லையெனினும் அவன் வெறுங்கையுடன் திரும்பமாட்டான். இங்கே தேயிலை வசதிப் பண்டம் என்பதில் ஐயமில்லை.

அதே வீட்டுத் தலைவி, அடுத்த மாதம் வெளிநாட்டிலிருக்கும் தம் தமையனார் குடும்பத்திற்கு அனுப்புவதற்காகத் தேயிலை வாங்கப் புறப்படுகின்றார். நுவரெலியாத் தேயிலை மென்மையானதா, தெனியாயப் பக்கத்துத் தேயிலை கடுமையானதா, தகரப் பேணியில் வருவது நல்லதா, அட்டைப் பெட்டியில் வருவது போதுமா என்றெல்லாம் விசாரித்து, இரண்டு மூன்று கடைகளில் விலை பார்த்து வாங்குகின்றார். தேயிலை இப்பொழுது தேர்வுப் பண்டமாகிவிட்டது.

தேயிலைச் செடியின் விரியாத மொட்டுக்களை மட்டும் கையாற் கொய்து உலர்த்திப் பெறும் ஒருவகைத் தேயிலையும் நம் நாட்டில் உண்டு. மொட்டின்மேல் வெண்மையான மெல்லிய பூமயிர் படர்ந்திருப்பதால் அதற்கு வெள்ளி முனை என்று பெயர். நிறம் வெளிறி, மணம் மெல்லியதாக வரும் அதன் சாயத்தை விரும்புவோர் தொகை சிறிது. ஆயினும், குறித்த ஒரு தோட்டத்தின் வெள்ளி முனையையே வேண்டிநிற்பவர், சாதாரணத் தேயிலை பத்து வகை அருகில் இருந்தாலும் அவற்றைத் திரும்பியும் பாரார். அவருக்குத் தேயிலை சிறப்புப் பண்டமாகும்.

ஒரே செடி, ஒரே இலைக் குலம், வகையோ மூன்று. ஆதலின், தேயிலை வசதிப் பண்டம் என்று மொட்டையாக எழுதுவதிலும், “நாளாந்தப் பாவனைக்காக அருகிலுள்ள கடையில் வாங்கும் குடும்பத்திற்குத் தேயிலை வசதிப் பண்டம்” என்று எழுதுவதே பொருத்தமானது. வாங்குவோர் யார், எதன்பொருட்டு வாங்குகின்றார் என்னும் இரண்டையும் குறிப்பிடாத விடை அரைவிடையே. வினாவில் அவை கூறப்படாதவிடத்து, பெரும்பான்மையோர் வழக்கம் இது என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் தவறு நேராது.

இனிப் பொதிக்கு வருவோம். முற்காலத்திலே இங்கிலாந்தின் பலசரக்குக் கடைகளில் தேயிலை பெரிய பெட்டியில் கொட்டிக் கிடக்கும். வணிகர் வேண்டியதை நிறுத்துக் கொடுப்பார். அந்த இடைவெளியிலே மோசடி புகுந்தது. ஒருமுறை பயன்படுத்திய இலையை உலர்த்திக் கலப்பதும், வேலியோரச் செடிகளின் இலையைச் சாயமேற்றிச் சேர்ப்பதும் வழக்கமாயின. ஜோன் ஹோனிமன் என்னும் வணிகர் 1826ஆம் ஆண்டில் தேயிலையை அடைத்து மூடிய பக்கற்றுக்களில் விற்கத் தொடங்கினார். நிறையும் தூய்மையும் குறித்த உறுதியைப் பக்கற்றே வாங்குவோருக்கு அளித்தது. கடைக்காரரின் கைமேல் வைத்திருந்த நம்பிக்கை, அன்று முதல் பொதியின்மேலுள்ள பெயருக்கு மாறத் தலைப்பட்டது.

1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் இம்முறையை மேலும் விரிவாக்கினார். ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவு பிரித்துத் தேயிலையைப் பொதி செய்து விற்றார். கால் இறாத்தற் பொதியின் உட்பொருளை மாணவர் கவனிக்க வேண்டும். ஓர் இறாத்தலுக்குரிய பணத்தை ஒரே முறையிற் கொடுக்க இயலாத தொழிலாளியும் அதனை வாங்கலாம். பொதியின் அளவைச் சுருக்கியதனாலேயே, செல்வர் வீட்டுப் பண்டமாக இருந்த ஒன்று பலரும் வாங்கும் வசதிப் பண்டமாகும் வழி அகன்றது. பொதியிடல் என்பது பண்டத்துக்குச் சட்டை போடுவது மாத்திரமன்று. பண்டத்தின் வகையையே மாற்ற வல்லது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பொதியின் முதற் பணி பாதுகாப்பு. தேயிலை எதனிடமிருந்து பாதுகாக்கப்பட வேண்டும்? தொழிற்சாலையிலே சூடேற்றி உலர்த்தப்பட்டு வெளிவரும் தேயிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு ஈரமே இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது பஞ்சுபோல் உறிஞ்சும். ஈரம் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கைத் தாண்டுமாயின் மணமும் சுவையும் கெடத் தொடங்கும். அதுமட்டுமன்றி, அயலிலுள்ள வாடையையும் தேயிலை கவர்ந்துகொள்ளும். கருவாட்டு மூடைக்கும் சவர்க்காரப் பெட்டிக்கும் அருகில் திறந்து வைத்த தேயிலை எப்படிச் சுவைக்கும் என்பதை அனுபவித்தவர் அறிவர். இதனாலேயே தேயிலைப் பொதியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் அல்லது அதனை ஒட்டிய பல படை உறை அமைகின்றது. வெளியே தெரியும் வண்ண அட்டை விற்பனைக்காக; உள்ளேயிருக்கும் வெள்ளித்தாளே தேயிலைக்காக.

பொதி தன் கடமையைச் செய்ததா என்பதை வீட்டிலேயே சோதித்தறியலாம். புதிதாகத் திறந்த பொதியிலிருந்து சிறிது இலையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று உடையுமாயின் ஈரம் புகவில்லை. துவண்டு நசியுமாயின், உறையின் ஒட்டில் எங்கோ வழி இருக்கின்றது. நல்ல உறையும் திறக்கும் வரையிலேதான் காக்கும். திறந்தபின் இறுக மூடும் பேணியொன்றில் இட்டு, அடுப்பின் ஆவியும் மசாலா வாடையும் படாத இடத்தில் வைத்தல் வீட்டாரின் பொறுப்பு.

பாதுகாப்பு மூவகைப் பண்டத்திற்கும் பொதுவானது. மற்றைப் பணிகளோ வகைக்கு வகை வேறுபடும். தெருமுனைக் கடையில் 50 கிராம் பக்கற்று கயிற்றிலே தொங்குகின்றது. வாங்குவோர் அதன்மேற் செலுத்தும் பார்வை ஒரு கணமே. ஆதலின், தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் நிறமும், எழுத்தறியாச் சிறுவனும் இனங்காணும் சின்னமும், கையாள எளிதான சிறிய அளவும் அதற்கு இன்றியமையாதன. தேர்வுப் பண்டமாக விற்கப்படும் தேயிலையின் பொதியோ பேசவேண்டும். பக்கத்திலுள்ள பொதியோடு ஒப்பிடுவதற்கு வேண்டிய செய்திகளை, எந்தப் பிரதேசம், என்ன இலையளவு, எத்தனை கிராம் என்று தெளிவாகக் கூறவேண்டும். சிறப்புப் பண்டத்தின் பொதி அதிகம் பேச வேண்டியதில்லை. வாங்குவோர் முன்னரே மனம் தெளிந்து வந்திருக்கின்றார். இது தாம் தேடிவந்த அதுவே, போலியன்று, என்னும் உறுதியையும் மெல்லிய மொட்டுக்கள் நொறுங்காத காப்பையும் அளித்தாற் போதும். எனினும் மரப்பெட்டியில் வைத்துவிட்டதனால் மட்டும் சாதாரணத் தேயிலை சிறப்புப் பண்டமாகிவிடாது. வாங்குவோரின் மனப்பற்று இல்லாதவிடத்து அது விலைகூடிய தேர்வுப் பண்டமே.

பேசுவது பொதியாயினும் சொற்கள் சுட்டுத்துண்டுக்கு உரியவை. பாடநூல்கள் சுட்டுத்துண்டினை மூன்றாகப் பகுப்பதுண்டு. பெயரை மட்டும் கூறுவது ஒன்று. தரம் அல்லது படியைக் கூறுவது ஒன்று. விவரம் கூறுவது ஒன்று. தேயிலைப் பொதியில் மூன்றையும் ஒருங்கே காணலாம். நிறுவனத்தின் பெயர் முதலாவது. பி.ஓ.பி., ஓ.பி., டஸ்ற் என்னும் குறிகள் இரண்டாவது. நிறை, திகதி, விலை, பொதி செய்தவர் முகவரி ஆகியவை மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதையே பலரும் பிழையாக வாசிக்கின்றனர். ஓ.பி. என்பது ஒறேஞ்ச் பெக்கோ என்பதன் சுருக்கம். அதனைத் தோடம்பழ மணம் ஊட்டிய தேயிலை என்று எண்ணுவாரும் உளர்; முதற்றரம் என்று எண்ணுவாரும் உளர். இரண்டும் அன்று. அது இலையின் பருமனையும் தோற்றத்தையும் குறிப்பதே. ஓ.பி. நீண்ட முழு இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, டஸ்ற் மிக நுண்ணிய துகள். சிறிய துகள் விரைவாகவும் கடுமையாகவும் சாயம் விடும். பாலும் சீனியும் சேர்த்துப் பருகுவோர்க்கு அதுவே உகந்தது. முழு இலை மெல்ல மெல்ல இறங்கும். வெறுந்தேநீராகப் பருகுவோர் அதனை விரும்புவர். பால் தேநீர் பருகும் குடும்பம், விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று ஓ.பி. வாங்கி வந்து, சாயம் போதாமையால் இரு மடங்கு இலை போடுவதும் நிகழ்கின்றது. சுட்டுத்துண்டு பொய் கூறவில்லை. வாசிக்கத் தெரியாமையே நட்டத்தை விளைத்தது.

இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னமும் சில பொதிகளில் இருக்கும். கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது, சபையின் தரவிதிக்கு அமைந்தது என்பதே அதன் பொருள். வெளிநாட்டிலே பிறநாட்டுத் தேயிலையோடு கலந்து பொதி செய்யப்பட்டது அச்சின்னத்தை அணிய முடியாது. இது நிறுவனத்தின் தற்புகழ்ச்சியன்று. நிபந்தனை விதித்து வழங்கப்படும் குறி. தன்னைத்தானே உயர்வு என்று கூறும் சொல்லையும் பிறரொருவர் சோதித்து அனுமதித்த குறியையும் பிரித்தறிதல் சுட்டுத்துண்டு வாசிப்பின் முதற்படியாகும்.

விவரப் பகுதியிற் சட்டமும் நுழைகின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, சுட்டுத்துண்டிடலும் விலை குறித்தலும் பற்றி வணிகர்க்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரம் உடையது. குறிக்கப்பட்ட விலைக்கு மேல் விற்பதும், குறித்ததை அழிப்பதும் மாற்றுவதும் குற்றங்களாகும். பழைய விலையின்மேல் புதிய துண்டு ஒட்டியிருக்கக் கண்டால் அடியிலுள்ளதை நோக்குவதில் நாணம் வேண்டாம்.

இறுதியாக, பொதியின் அளவு வீட்டுக் கணக்கை எவ்வாறு தொடுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். விலைகள் கணக்கின்பொருட்டு நாமே வைத்துக்கொண்டவை. 50 கிராம் பக்கற்று 150 ரூபா. 200 கிராம் 540 ரூபா. 400 கிராம் 1,100 ரூபா. 2 கிராம் கொண்ட 25 தேயிலைப் பைகள் அடங்கிய பெட்டி 300 ரூபா என்க. ஒவ்வொன்றையும் 100 கிராமுக்குரிய விலையாக மாற்றினால், முறையே 300, 270, 275, 600 ரூபா ஆகும். மாதம் 400 கிராம் செலவிடும் குடும்பம் சிறு பக்கற்றாக எட்டு வாங்கினால் 1,200 ரூபா. 200 கிராமாக இரண்டு வாங்கினால் 1,080 ரூபா. ஒரே பெரிய பொதியாக வாங்கினால் 1,100 ரூபா.

இதிலே இரண்டு செய்திகள் உள. பெரிய பொதி எப்பொழுதும் மலிவு என்பது உறுதியன்று. நடு அளவே இங்கு மலிவாயிற்று. மலிவு எது என்பதைப் பொதியின் தோற்றம் சொல்லாது. வகுத்துப் பார்த்தே அறிய வேண்டும். மற்றையது சிறிது மனத்தை உறுத்துவது. நாட்கூலி பெறும் குடும்பத்தின் கையில் 540 ரூபா ஒருங்கே சேர்வதில்லை. 150 ரூபாவுக்கே வழியுண்டு. ஆதலின், குறைந்த வருவாயினரே கிராமுக்குக் கூடிய விலை கொடுக்கின்றனர். சிறு பக்கற்று அவர்களுக்குக் கதவைத் திறக்கின்றது. திறந்த கதவுக்குக் கட்டணமும் அறவிடுகின்றது. பொதியிடலின் நன்மையை எழுதும் மாணவர் இவ்விரண்டாம் பக்கத்தையும் ஒரு வரியிற் சேர்த்தால் அது சிந்தித்து எழுதிய விடையாகும். அயலவர் இருவர் கூடி ஒரு 200 கிராம் பொதியை வாங்கிப் பகிர்ந்துகொள்வது இக்கட்டணத்திலிருந்து தப்பும் எளிய வழி.

தேயிலைப் பையின் கணக்கும் இத்தகையதே. ஒரு பைக்கு 12 ரூபா. அதே 2 கிராம் தூளை 200 கிராம் பொதியிலிருந்து எடுத்தால் 5 ரூபா 40 சதம். எஞ்சிய 6 ரூபா 60 சதம் வடிக்கும் வேலை மிச்சமானதற்கும் பைக்கும் பெட்டிக்கும் நாம் கொடுக்கும் விலை. அலுவலகத்திலே தனியே ஒரு கோப்பை தேநீர் தயாரிப்பவருக்கு அது நியாயமாகலாம். ஐவர் கூடிப் பருகும் வீட்டில் அது வீண்.

இனி வினாவுக்கு விடை எழுதும் முறையைச் சுருக்கிக் கூறுவோம். முதலிலே வாங்குவோரையும் அவர் வாங்கும் நோக்கத்தையும் ஒரு வரியிற் குறிப்பிடுக. அடுத்து, “கிடைக்காதவிடத்து அவர் என்ன செய்வார்?” என்னும் கேள்வியின் விடையைக் கொண்டு வகையை நிறுவுக. பின்னர், அவ்வகைக்குப் பொதி எதனைச் செய்ய வேண்டும் என்பதையும், சுட்டுத்துண்டு எதனைக் கூற வேண்டும் என்பதையும் அதே உதாரணத்தைக் கைவிடாது விளக்குக. உதாரணமாக: “நாளாந்தத் தேவைக்காக அயற்கடையில் வாங்கும் குடும்பத்திற்குத் தேயிலை வசதிப் பண்டம். விரும்பிய பெயர் இல்லாதவிடத்து வேறொன்றை ஏற்பதால், பொதி கண்ணில் உடனே படுவதாகவும், சிறிய அளவினதாகவும், ஈரம் புகாததாகவும் இருத்தல் வேண்டும். சுட்டுத்துண்டு பெயர், நிறை, திகதி, விலை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டுதல் வேண்டும்.” நான்கு வரிகளில் இரு பகுதிகளும் ஒன்றாய் இணைந்துவிட்டன.

பிற்காலத்து ஆசிரியர் சிலர், வாங்குவோர் தாமாக நாடாத பண்டங்கள் என நான்காவது வகையையும் சேர்ப்பர். ஆயுட் காப்புறுதி அதற்கு உதாரணம். நம் தேயிலைக்கு அவ்வகையில் இடமில்லை. மாணவர்கள் இவ்வாரம் தத்தம் வீட்டுச் சமையலறையிலுள்ள பொதிகள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வகைப் பண்டம் என எழுதி, 100 கிராமுக்குரிய விலையையும் கணக்கிட்டுத் தாயாரிடம் காட்டுவார்களாக. கணக்குச் சரியோ பிழையோ என்பதை அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அவரே கூறிவிடுவார்.